சி-402க்கு மட்டும் இருநூறு

நாவலூர் குடியிருப்பின் செயலாளர் தர்மராஜ், மறைமலைநகர் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதித்து ஓய்வுபெற்றவர். எதையும் எளிதில் நம்பமாட்டார். எண்பத்து நான்கு வீடுகளுக்கும் பொதுவாக எடுத்த இணைய இணைப்பு தினமும் மாலையில் தடுமாறியது.

“செக்ரட்டரி வூட்ல மட்டும் பறக்குது, எங்க வூட்ல சுத்திகினே கீது. இன்னா அண்ணாத்த மாயம்?” என்று பக்கத்து வீட்டு லோகு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

தர்மராஜுக்கு இணைப்பு தந்த நிறுவனத்தின் மேல்தான் சந்தேகம். அன்றே கடிதம் எழுதினார்: “வேக வரம்பு வீட்டுக்கு வீடு தனியா, எல்லாருக்கும் சேர்த்தா? எந்த வீட்டுக்காவது வேறாக இருந்தால் எண்ணோடு தெரிவிக்கவும்.”

பதில் வந்தது. “ஒவ்வொரு வீட்டின் லாகினிலும் ஐம்பது Mbps வேகமே உச்சவரம்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் அதற்கும் குறையும். சி-402க்கு மட்டும் இருநூறு. சோதனைக்காக வைத்ததை மாற்றாமல் விட்டுவிட்டோம்.”

சி-402 அவருடைய வீடு.

சத்தமில்லாமல் குறைக்கச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, குறைக்கச் சொல்லிவிட்டு, பதிலை அப்படியே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

மறுநாள் மாலை லோகு வந்தார். “மாட்டிக்குவோம்னு முந்திக்கினியா?”

“உள்ள வந்து நீயே பாருய்யா.”

லோகு தன் போனை அந்த வீட்டு வைஃபையில் இணைத்து வேகத்தைச் சோதித்தார். நாற்பத்தாறு.

“சரி,” என்றார். “நாளிக்கும் வந்து பாப்பேன்.”