பதின்மூன்று சீட்டும் ஒரு வட்டிச் சான்றிதழும்

தமிழரசி எழுதும் கடிதங்களைப் பற்றி அவள் அலுவலகத்தில் நல்ல பேச்சு உண்டு. ஹிஞ்சேவாடியில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில், கடல் தாண்டி இருக்கும் ஏதோ ஒரு வங்கிக்குக் கடன் கணக்குகளைக் கவனிக்கும் மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தாள். யார் எந்தத் தேதியில் தவணை கட்டினார், அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று முகம் தெரியாத லட்சம் பேருடைய கணக்கைப் பைசா பிசகாமல் பிரித்துக் காட்டுவதில் கெட்டிக்காரி. தன்னுடைய சொந்தக் கல்விக் கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய வேலையில் இருப்பவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

2007ஆம் ஆண்டு ஜனவரியில் அலுவலகத்துச் சம்பளப் பிரிவு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. வரிக் கழிவு வேண்டியவர்கள் பிப்ரவரி பத்துக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். கல்விக் கடன் உள்ளவர்கள் இந்த நிதியாண்டில் கட்டிய வட்டிக்கு வங்கியிடமிருந்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். தவறினால் மார்ச் சம்பளத்தில் பிடித்துவிடுவோம். தமிழரசி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஐயாயிரத்துக்கு மேல் அம்போ. உடனே உட்கார்ந்து வங்கி மேலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தாள். தான் பொறியியல் பட்டதாரி, இன்ன கிளையில் கல்விக் கடன் பெற்றவள், வருமான வரிச் சட்டம் எண்பது-ஈ பிரிவின்படி கழிவு கோர வட்டிச் சான்றிதழ் தேவை, கணக்கு எண் இன்னது. கணக்கு எண்ணை வீட்டுப் பீரோவில் இருந்த பாஸ்புக்கைப் பார்த்து எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து அதே கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'இது கடன் கணக்கு அல்ல' என்று ஒரு வரி.

"பாத்தியாம்மா, இவனுங்க லட்சணத்தை?" என்று அம்மா பவுனிடம் காட்டினாள். "கடனைக் குடுத்தவனுக்கே எந்தக் கணக்குன்னு தெரியலையாம்."

இரண்டாவது கடிதத்தில் கணக்கு எண்ணையே போடவில்லை. பெயரையும் கல்லூரியையும் வைத்துத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்றாவது கடிதம்தான் அவளுடைய தலைசிறந்த படைப்பு. 'சேவைக் குறைபாடு', 'மன உளைச்சல்', 'நுகர்வோர் மன்றம்' எல்லாம் அதில் இருந்தன. நகல்: வட்டார அலுவலகம். பக்கத்து நாற்காலி ஹரீஷ் படித்துவிட்டு, "மேனேஜர் அழுதுடுவார்" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் கடனுக்குத் தவணை கட்டுவது அப்பா தங்கராஜின் வேலை. கோர்படிப் பக்கம் ராணுவ டிப்போக் கிடங்கு ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டோரில் இருப்பவர். ஆம்பூருக்குப் பக்கத்திலிருந்து இந்த மராட்டி ஊருக்கு வந்தவர். ஹிந்தி, மராட்டி, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிப் பேசுவார். கிடங்கில் ஒரு போல்ட் வெளியே போனாலும் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் கர்னலே வந்து கேட்டாலும் தரமாட்டார் என்று அவருக்குப் பெயர். வீட்டில் மட்டும் அது கிடையாது. "சீட்டெல்லாம் டிப்போவோட. வீட்டுக்குள்ள யாரு யாருக்கு சீட்டு எழுதறது?" என்பார். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மகள் கவரில் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டு நீட்டுவாள். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஐந்தாம் தேதிக்குள் பாதி நாள் விடுப்புப் போட்டு வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார். தவணையைச் சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ள ஒரு படிவம் இருந்தது. அதை வாங்கி நிரப்ப தமிழரசிக்கு நேரமில்லை என்பதை முன்பே சொல்லியாயிற்று.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, சான்றிதழ் தயார் என்று வங்கியிலிருந்து போன் வந்தது. வட்டார அலுவலகத்துக்கு நகல் போட்ட மகிமை என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள். சனிக்கிழமை அரை நாள். அவள் போய்ச் சேரும்போது ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. ப்யூன் உறையை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வெளியே வடாபாவ் வண்டி ஓரமாக நின்று பிரித்தாள்.

சான்றிதழ் அருமையாக இருந்தது. முத்திரை, கையொப்பம், அவள் பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கடன் கணக்கு எண் என்று அவள் இதுவரை பார்த்தே இராத ஒரு எண். இந்த நிதியாண்டில் கணக்கில் ஏற்றப்பட்ட வட்டி என்று ஒரு தொகை. இந்த நிதியாண்டில் செலுத்தப்பட்ட வட்டி: இல்லை. செலுத்தப்பட்ட அசல்: இல்லை. கீழே, பதின்மூன்று தவணைகள் நிலுவை, உடனே செலுத்தவும்.

லட்சம் பேருடைய கடன் கணக்கைக் கையாளும் மூளை அது. அந்த மூளைக்கு நடந்தது என்னவாக இருக்கும் என்று பத்து வழி தோன்றியிருக்க வேண்டும். ஒரே வழிதான் தோன்றியது. அதை வீடு வரைக்கும் சூடு ஆறாமல் கொண்டுபோனாள்.

தங்கராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் காகிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ப்பா, மாசாமாசம் குடுத்த துட்டை என்ன பண்ண?"

"இன்னா பண்ணுவாங்க? பேங்க்ல கட்னேன்."

"ஒரு ரூபா கட்டலைன்னு எழுதிக் குடுத்திருக்கான். எழுபத்தோராயிரத்து ஐந்நூறு. வேற எதுக்காவது எடுத்திருந்தா சொல்லிடு. எனக்கு உண்மை தெரியணும்."

பவுன் கையில் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஏண்டி, யாரைப் பாத்து இன்னா கேக்கற?" என்றாள். தங்கராஜ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். கை கழுவினார். பீரோவைத் திறந்து, கிடங்கில் சீட்டுகளைக் குத்தி வைப்பதுபோல ஒரு கம்பியில் குத்தியிருந்த பணம் கட்டிய அடிச்சீட்டுகளை எடுத்து வந்தார். பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் வங்கியின் வட்ட முத்திரை, தேதி. அவருடைய கோழிக்கிறுக்கல் ஹிந்தியில் தொகை, அச்சு மாதிரி அழகான இலக்கங்களில் கணக்கு எண்.

அந்த எண்ணைத் தமிழரசிக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பு அவளே பாஸ்புக்கைப் பார்த்து எழுதிய அதே எண்தான்.

திங்கட்கிழமை இருவரும் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவு அதிகாரி ஸ்வாமிநாதன் திருச்சிக்காரர், மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கம்பியோடு சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணினியைத் தட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"அம்மா, இது உங்க சேமிப்புக் கணக்கு. கடன் கொடுக்கும்போது கூடவே ஆரம்பிச்சது. உங்கப்பா ஒரு மாசம் தவறாம இதுலதான் போட்டிருக்கார். முழுப் பணமும் பத்திரமா இருக்கு, வட்டியோட. கடன் கணக்குக்கு மாத்தச் சொல்லி நீங்க கையெழுத்துப் போட வேண்டிய ஒரு படிவம் இருக்கு. ஃபைல்ல காலியா இருக்கு."

"கடன் கணக்குக்குப் பாஸ்புக் யாரும் குடுக்கல சாஹேப்," என்றார் தங்கராஜ். "வூட்ல இருந்த பாஸ்புக் இதான். அதுல இருக்கற நம்பரைத்தான் எழுதினேன்."

"கடனுக்குப் பாஸ்புக் கிடையாது ஐயா. உங்க தப்பு ஒண்ணுமில்ல. மூணு நோட்டீஸ் போட்டிருக்கோம், பழைய குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கு. எல்லாம் திரும்பி வந்திருக்கு."

வீடு மாறிய விஷயத்தைத் தங்கராஜ் வங்கியில் சொல்லித்தான் இருந்தார், சேமிப்புக் கணக்குக் கவுண்டரில். ஒரே கட்டடம், ஒரே கணினி. ஒரு பக்கம் அவள் பணத்துக்கு மூன்றரை சதவீதம் கொடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் அவள் கடனுக்குப் பதினொன்று வாங்கிக்கொண்டிருந்த வங்கிக்கும் ஒரு வருஷமாக எந்த உறுத்தலும் இல்லை.

"அப்போ எனக்கு வரிக் கழிவு போச்சா சார்?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

ஸ்வாமிநாதன் முகம் மலர்ந்துவிட்டது. "போகல. எண்பது-ஈல வட்டியை எப்போ கட்டினீங்கங்கறதுதான் கணக்கு. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கட்டினா, போன வருஷத்துப் பாக்கி வட்டியும் சேர்த்து இந்த வருஷமே கழிச்சுக்கலாம். உச்சவரம்பு இல்ல. கழிவு கிடைக்கற எட்டு வருஷக் கணக்கும் வட்டி கட்ட ஆரம்பிக்கற இந்த வருஷத்துலேர்ந்துதான். கட்டற பணமும் உங்க சொந்தச் சம்பளம், அதனால தகராறே இல்ல. இப்பவே மாத்திடறேன். நிலுவை வட்டியை முதல்ல எடுத்துக்கும், மிச்சம் அசலுக்கு. அபராத வட்டியை மேனேஜர்கிட்ட சொல்லித் தள்ளுபடி பண்ணப் பாக்கறேன்."

இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டாள். ஒன்று இந்தப் பணத்தை மாற்ற. இன்னொன்று இனி மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போக. மாலை நான்கு மணிக்குப் புதிய சான்றிதழ் கைக்கு வந்தது. செலுத்தப்பட்ட வட்டி: முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். ஒழுங்காகக் கட்டியிருந்தால்கூட ஒரே வருஷத்தில் இவ்வளவு கழிவு கிடைத்திருக்காது. அலட்சியத்துக்கு அரசாங்கம் ஆயிரத்துச் சில்லறை ரூபாய் பரிசு கொடுத்திருந்தது.

வெளியே வந்ததும் தங்கராஜ் நின்றார். "அந்த சாஹேப் எனக்கும் ஒண்ணு எழுதித் தருவாரா?" என்று கேட்டார்.

"உனக்கு எதுக்குப்பா?"

"நான் துட்டைத் தின்னலன்னு."

சேவைக் குறைபாடும் மன உளைச்சலும் அத்தனை சரளமாக எழுதும் அவள் பையில் ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள். தங்கராஜ் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி எட்டாம் தேதி சான்றிதழைச் சம்பளப் பிரிவில் கொடுத்தாள். மார்ச்சில் வரி குறைந்தது. ஹரீஷ் கேட்டதற்கு, "கடைசியில பேங்க் வழிக்கு வந்துடுச்சு" என்று சொன்னாள். மனசுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. வட்டார அலுவலகத்திலிருந்து அவள் புகாருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தபோது அதைக் கிழித்துப் போட்டாள்.

தவணை தானாகப் போக ஏற்பாடு ஆகியும் சேமிப்புக் கணக்கில் பணம் போட ஆள் வேண்டுமே. சம்பளம் வேறு வங்கியில். மார்ச் ஒன்றாம் தேதி வழக்கம்போலக் கவரை நீட்டினாள். இந்த முறை நேரில் போய் நானே கட்டுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். காலையில் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

தங்கராஜ் கவரைப் பிரித்து, கட்டிலில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். ஐயாயிரத்து ஐந்நூறு. டிப்போவில் வீணாய்ப்போன சீட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி போட்டு, தொகை எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போட்டார்.

"ப்பா, இது எதுக்கு?"

"வெச்சிக்க," என்றார் தங்கராஜ். "நாளைக்குக் கேட்டா காட்டணும் இல்ல?"

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள்.