மெயிலின் கடைசி வரி

வெள்ளிக்கிழமைக்குள் பழைய ஆபீசுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திரும்ப வேலைக்கு வருகிறேனா, இல்லையா? தனியாக மேனுவல் எழுதித் தரலாம் என்று விட்டு வந்து நாலு மாசம், கையில் ஒரு வேலையும் இல்லை. அப்போதுதான் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் பர்சேஸ் மேனேஜர், "மேடம், எல்லாத்தையும் மெயில்ல போடுங்க" என்றார்.

புதன் காலை எழுத உட்கார்ந்தேன். புது மெஷினுக்கு இங்கிலீஷில் முப்பத்திரண்டு பக்க மேனுவல். இரண்டு முறை திருத்தம். நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி வேலை முடித்துக் கொடுத்த பதினைந்து நாளில். அட்வான்சும் மெஷின் படங்களும் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். பம்மலில் அவள் வீட்டு மாடியில்தான் எனக்கு ஜாகை. இருபது வருஷமாக ஸ்கூல் டீச்சர், லீவ் லெட்டர் எழுதியே பழகின கை. "என்னடி, அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு? கடைசியில பணிவா ஒரு வரி போடு." போட்டேன். 'தங்கள் விருப்பப்படி எதையும் மாற்றிக்கொள்ளலாம்' என்று இங்கிலீஷில். அப்படியே அனுப்பினேன்.

மத்தியானமே மேனேஜரிடமிருந்து போன். "தமிழ்லயும் ஒரு மேனுவல் வேணும். ரேட் அதேதான். அட்வான்ஸ் கிடையாது. பில் கொடுத்து அறுபது நாள்ல பணம்."

"சார், நான் அப்படி அனுப்பலையே!"

"எதையும் மாத்திக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

அக்கா மேல் கோபம், அதைவிட என் மேல். அவள் சொன்னால் எனக்குப் புத்தி எங்கே போச்சு? சரி சார் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "இன்னொரு மெயில் அனுப்பறேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

உடனே எழுதினேன். இங்கிலீஷ் மேனுவலுக்கு முதலில் சொன்ன ரேட்தான். தமிழுக்குத் தனியாக இருபதாயிரம், கூடுதலாகப் பத்து நாள். அட்வான்ஸ் வந்தால்தான் வேலை ஆரம்பம். கீழே நன்றி, என் பெயர். அவ்வளவுதான்.

"போச்சு, வேலையைக் கெடுத்துக்கிட்ட" என்றாள் அக்கா. வியாழன் முழுக்க மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பழைய ஆபீஸ் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

வெள்ளி பதினோரு மணிக்கு அவரே கூப்பிட்டார். "நீங்க சொன்னபடியே ரெண்டுக்கும் ஆர்டர் போட்டாச்சு. அட்வான்ஸ் திங்கள்கிழமை வரும்." கூடவே, "அந்த வரி இல்லன்னா நான் கேட்டே இருக்க மாட்டேன் மேடம். குறைக்கிறதுதானே என் வேலை?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது.

உடனே பழைய ஆபீசுக்கு எழுத உட்கார்ந்தேன். அழைத்ததற்கு நன்றி, நான் வரவில்லை. படித்துப் பார்த்தால், கீழே என்னை அறியாமல் கை இன்னொரு வரியும் அடித்திருந்தது: 'தாங்கள் விரும்பினால் மறுபடி யோசிக்கிறேன்.'

ஐயோ கடவுளே! அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு அனுப்பினேன்.