வெள்ளிக்கிழமையும் ஓடும் வட்டி

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. திருநெல்வேலி டவுணில் ரதவீதியை ஒட்டியிருக்கிற எங்கள் ஜவுளிக்கடையில் கல்லாப்பெட்டி என் கணவர் பொறுப்பு, கணக்கும் பேங்க்கும் என் பொறுப்பு. அவர் ஒரு நைட்டியை மடித்து வைப்பதற்குள் நான் பத்துத் தடவை பேங்க் இருப்பைச் செல்போனில் பார்த்துவிடுவேன்.

கடைக்குப் பதினைந்து லட்ச ரூபாய் கேஷ் கிரெடிட் உண்டு. தேவைப்படும்போது எடுக்கலாம், விற்ற பணத்தை அன்றன்று திருப்பிக் கட்டலாம். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. ஆனால் பதினைந்து லட்சத்தையும் எடுத்துவிட முடியாது. மாதாமாதம் நாங்கள் கொடுக்கும் சரக்குப் பட்டியலை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று பேங்க் கணக்குப் போடும். அந்த மாதம் சரக்கு இருபத்து நான்கு லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது ஆறு லட்சம். மீதிப் பதினெட்டில் கால் பங்கைக் கழித்தால் பதிமூன்றரை லட்சம். அதுதான் எங்கள் எல்லைக்கோடு.

வட்டி ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நிற்கிற பாக்கிக்கு ஓடும். மாதம் முழுக்க அந்தப் பாக்கிகளைக் கூட்டி, வட்டி விகிதமான பதினொன்றால் பெருக்கி, நூறாலும் முந்நூற்று அறுபத்தைந்தாலும் வகுத்தால் அந்த மாத வட்டி. கடைசி நாள் ராத்திரி பேங்க் அதை நம் கணக்கிலேயே பற்று எழுதிவிடும். இதை நான் தனியாக ஒரு நோட்டில் போட்டு, பேங்க் கணக்கோடு சரிபார்ப்பேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுச் சண்டை வெள்ளிக்கிழமையைப் பற்றியது. வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். வியாழக்கிழமை வியாபாரப் பணத்தை வெள்ளி காலையில் பேங்க்கில் கட்ட வேண்டும். அவரோ சனிக்கிழமைதான் தருவார். இரண்டாம் சனி, நான்காம் சனி என்றால் பேங்க் லீவு, பணம் திங்கள் வரை பெட்டியில் தூங்கும்.

"நம்ம கணக்குலதான போடுதோம்? வெளிய எங்க போவுது?" என்பேன்.

"நம்ம கணக்குன்னாலும் அது கடன் கணக்குலா? வெள்ளிக்கிழமை கடன் அடைப்பாவளா யாராவது?" என்பார். எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

ஒருநாள் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். நாற்பதாயிரம் ஒரு நாள் தள்ளிப்போனால் பன்னிரண்டு ரூபாய் வட்டி. மூன்று நாள் தள்ளிப்போனால் முப்பத்தாறு. வருஷத்துக்குச் சுமார் ஆயிரத்து இருநூறு ரூபாய் தண்டம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறுதானா? மகாலட்சுமிக்கு வாடகை கம்மியாத்தான்ட்டி இருக்கு," என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தீபாவளிக்கு முந்தின மாதம் அது. ஈரோட்டு மொத்த வியாபாரிக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரத்துக்கு செக் கொடுத்திருந்தோம். செக் திரும்பினால் இரண்டாவது லோடு கிடையாது, அதன் பிறகு ரொக்கம்தான் என்று அந்த வியாபாரி முன்பே சொல்லியிருந்தார். அந்த லோடு வராவிட்டால் எங்களுக்குத் தீபாவளி வியாபாரமே இல்லை.

செக் வெள்ளிக்கிழமை பேங்க்குக்கு வரும். வியாழக்கிழமை, மாதக் கடைசி நாள், சாயங்காலம் பாக்கி பதினோரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். செக்கைச் சேர்த்தால் பதிமூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். எல்லைக்குள் ஐயாயிரம் மிச்சம். நிம்மதியாக நோட்டை மூடினேன். பிறகு இன்னொரு நோட்டைத் திறந்து அந்த மாத வட்டியைப் போட்டேன். பதினோராயிரத்து இருநூறு வந்தது.

வெள்ளி காலை பத்து மணிக்குச் செல்போனைத் திறந்தேன். வட்டி பற்று எழுதியிருந்தது. பைசாவை விட்டால் என் தொகையேதான். பெருமையாக இருந்தது. அதற்கு அடுத்த வரியில் பாக்கியைப் பார்த்தேன். பன்னிரண்டு லட்சத்து ஆயிரத்து இருநூறு. செக்கைச் சேர்த்தால் எல்லையைத் தாண்டி ஆறாயிரத்து இருநூறு.

வட்டியை ஒரு நோட்டில் சரியாகப் போட்ட மகராசி, அடுத்த நோட்டில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

பேங்க் மேனேஜருக்குப் போன் செய்தேன். "எல்லைக்கு மேல விடணும்னா மேல கேட்கணும் மேடம். இன்னைக்குள்ள ஆகாது. மதியத்துக்குள்ள பணம் கட்டிடுங்க, பாஸ் பண்ணிடலாம்," என்றார். அவர் மேல் தப்பில்லை. எல்லைக்கோடு நான் கொடுத்த பட்டியலில் வந்ததுதான்.

என் சேமிப்புக் கணக்கில் எண்ணூறு ரூபாய் இருந்தது, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய மிச்சம். அதையும் கடைக் கணக்குக்கு மாற்றினேன். கடை க்யூஆரில் வாடிக்கையாளர்கள் போடுவது நேரே கேஷ் கிரெடிட்டில்தான் விழும். வருகிறவர்களிடமெல்லாம் ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஒரு அம்மா உள்பாவாடைக்கு நூற்றெண்பது போட்டார். இன்னொருவர் இரண்டு லுங்கி எடுத்துவிட்டு ரொக்கத்தை நீட்டினார், அவரிடம் கெஞ்சக்கூடச் செய்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பதினொன்றரைக்கு மொத்தம் ஆயிரத்து எழுநூறு சேர்ந்திருந்தது. இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு வேண்டும்.

என் கணவருக்குப் பக்கத்தில், பெட்டிக்குள், வியாழக்கிழமைப் பணம் நாற்பதாயிரம் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. கேட்க வாய் வரவில்லை. தலைக்கு மேலே நான் ஒட்டிய தாள் வேறு.

"என்னட்டி, காலையிலேருந்து உலாத்துத?" என்று அவரே கேட்டார்.

சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். குத்திக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். குத்திக் காட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து பணக்கட்டை எடுத்தார்.

"அஞ்சாயிரம் போதுங்க," என்றேன்.

"எடுத்தது எடுத்தாச்சு. மிச்சத்தை இங்கன வச்சா அதுக்கும் வட்டி ஓடும்லா? நீதான எழுதி ஒட்டிருக்க," என்றார். "நீ போவாண்டாம். நானே போயிட்டு வாரேன்."

ஒரு ரூபாய் நாணயத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெள்ளிக்கிழமை அவர் பேங்க்குக்குப் போனதை நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது எனக்கு.

பன்னிரண்டு பத்துக்கு நாற்பதாயிரம் வரவு என்று செய்தி வந்தது. ஒரு மணிக்குச் செக் பாஸாகிவிட்டது. அவர் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நைட்டியை மடிக்க ஆரம்பித்தார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் இருபத்தைந்தாம் தேதியே உத்தேச வட்டியைக் கழித்துவிட்டுத்தான் செக் எழுதுகிறேன். சுவரில் இருந்த தாளை அன்று சாயங்காலமே கிழித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளி காலையில் அவரே பணக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார், "பேங்க்குல போடணுமாட்டி?"

செல்போனைப் பார்த்தேன். எல்லைக்குள் நிறைய இடம் இருந்தது.

"நாளைக்குப் போடலாம்ங்க," என்றேன். "பன்னிரண்டு ரூவாதான?"