மறுவீட்டுப் பணம்

எங்கள் மில்லில் சம்பள நாளன்று இரண்டு ஜன்னல் திறக்கும். முதல் ஜன்னலில் குமாஸ்தா இருப்பார். அவரிடம் பேரேட்டில் கையெழுத்துப் போட்டால் முப்பத்திரண்டு ரூபாய் கிடைக்கும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் இன்னொரு ஜன்னல். அங்கே மானேஜரின் மைத்துனர், டோக்கன் நம்பரும் மாதமும் தொகையும் பென்சிலால் எழுதிய பழுப்புக் காகிதப் பொட்டலத்தை நீட்டுவார். அதிலும் முப்பத்திரண்டு ரூபாய்தான். அங்கே பேரேடும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

"முதல் ஜன்னல் கல்யாணம், ரெண்டாவது ஜன்னல் மறுவீடு" என்று நான் ஒருநாள் சொல்லிவைத்தேன். நாகர்கோவில் பக்கத்து ஆள்களுக்கு மறுவீடு என்றால் சொல்ல வேண்டுமா? கல்யாணத்தைவிட அங்கேதானே சாப்பாடு விசேஷம். மில் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பொட்டலத்துக்கு மறுவீட்டுப் பணம் என்று பேராகிவிட்டது. மில்லுக்கு நான் செய்துகொடுத்த ஒரே உற்பத்தி அதுதான் என்று நினைக்கிறேன். என் நூல் பாதி அறுந்துகொண்டேதான் இருக்கும்.

ஐம்பத்திரண்டின் கடைசியில் பிராவிடண்டு பண்டு வந்தது. ரூபாய்க்கு ஓரணா, அதாவது பதினாறில் ஒரு பங்கு, எங்கள் கூலியில் பிடிப்பார்கள். அதே ஓரணாவை முதலாளியும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து வட்டியோடு வளர்ந்து, ஐம்பத்தைந்து வயதில் வேலையை விடும்போது மொத்தமாகக் கைக்கு வரும். அடிப்படைக் கூலி, பஞ்சப்படி இரண்டுக்கும் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பஞ்சப்படியோ பின்பக்க ஜன்னலில் இருந்தது. ஆகவே பண்டு ஆபீசுக்குத் தெரிந்த எங்கள் கூலி முப்பத்திரண்டுதான்.

நாங்கள் வருத்தப்பட்டோமா? கொண்டாடினோம். அறுபத்துநாலுக்கு நாலு ரூபாய் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரூபாய்தானே போகிறது! மாதம் இரண்டு ரூபாய் லாபம் என்று சினிமாவுக்குப் போனோம். முதலாளிக்கும் ஆளுக்கு இரண்டு ரூபாய் லாபம் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

ஏறியது ஒரே ஒரு மண்டையில். ரீலிங்கில் நூல் சுற்றும் அக்கா ஒருத்தி இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டுவரை படித்தவள், கைம்பெண், ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மூன்று சென்ட் நிலத்தில் நான்கு சுவர் எழுப்பி மேலே ஓலை போட்டிருந்தாள். பண்டுப் பணம் வந்ததும் ஓடு போட வேண்டும் என்பது அவள் கணக்கு. மழை பெய்தால் கட்டிலை எந்த மூலைக்கு இழுப்பது என்று அவளுக்கு அட்டவணையே உண்டு.

பண்டு ஆபீசிலிருந்து முதல் வருஷக் கணக்குச் சீட்டு வந்தது. எல்லாரும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தோம். அவள் மட்டும் வாசித்தாள்.

"லே மக்கா, இதுல மாசத்துக்கு நாலு ரூவாயில்லா ஏறியிருக்கு? எனக்க ரெண்டு, அவியளுக்க ரெண்டு. எட்டு ஏறணுமே!"

"அது கல்யாணத்துக்கு மட்டும் உள்ள கணக்காக்கும் அக்கா. மறுவீட்டுக்கு யாரு மொய் எழுதுவா?" என்றேன்.

"உனக்குச் சிரிப்பு. எனக்குக் கூரை."

யாரிடமும் சொல்லாமல் அவள் திருவனந்தபுரத்துப் பண்டு ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டாள். ஒன்றரை மாதத்தில், இன்ஸ்பெக்டர் வரப்போவதாக மில்லுக்குத் தாக்கீது வந்தது.

அன்று மாலை மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் காப்பியும் பொரித்த ஏத்தம்பழமும் இருந்தன. அதுவரை அந்த அறையில் நான் நின்றது திட்டு வாங்கத்தான். "நாலுபேர் கேக்குமாதிரிப் பேசத் தெரிஞ்ச ஆள் நீதானேடே" என்றார். "அறுபத்திநாலுன்னு சொன்னியள்னா பழைய பாக்கியெல்லாம் உங்க கூலியிலதான் பிடிப்பாவ. அடுத்த ஆறுமாசம் வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும். சொல்லிட்டேன்."

நான் இரண்டாவது ஏத்தம்பழத்தையும் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதை யாரிடமும் விசாரிக்கவில்லை. ஒரு அஞ்சலட்டை போட்டுக் கேட்டிருக்கலாம். ஷிப்டு முடிவதற்குள் மில் முழுக்கப் பரப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். பேரேட்டைப் பார்த்துவிட்டு ரீலிங்குக்கு நடந்தார். அக்கா எழுந்து நின்று, "அறுபத்திநாலு சார். ரெண்டு ஜன்னல்ல தாறாவ" என்றாள். அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், அக்காவுக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல. ஒண்ணு ரெண்டாத் தெரியும். முப்பத்திரெண்டு கையில இருந்தா அறுபத்திநாலுன்னு எண்ணுவாவ."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். முப்பது வருஷம் நூல் எண்ணி மங்கிய கண் அது. அவள் உட்கார்ந்து அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ இரண்டு தடவை ஆயிற்று. என் வாழ்க்கையில் அந்த அளவுக்குச் சிரிப்பு வாங்கிய வரி வேறில்லை.

ஐம்பத்தைந்து முடிந்து அவள் வேலையை விட்டாள். மூன்று வருஷத்துக்கு அவளுக்கு வந்தது நூற்று நாற்பத்துச் சொச்சம். சரியாக ஏறியிருந்தால் அதில் இரண்டு மடங்கு வந்திருக்கும்.

நான் சைக்கிளில் மில்லுக்குப் போகிற வழியில்தான் அவள் வீடு. ஒருநாள் பார்த்தேன்: முன்பாதிக்கு ஓடு, அடுக்களைக்கு அதே பழைய ஓலை. தலையைப் பாதி வாரிவிட்டு எழுந்து வந்ததுபோல் நின்றது வீடு. மூன்று வாரம் சுற்றுவழியில் போனேன். அந்த வழியில் ஒரு நாய் இருந்தது. அது கடித்தபிறகுதான் நேர்வழிக்குத் திரும்பினேன். இதிலும் மனசாட்சிக்குப் பெருமையில்லை.

அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். "என்ன மக்கா, காலு நொண்டுகு?"

"நாய் கடிச்சிட்டுக்கா."

"நல்ல நாயாக்கும்" என்றாள். பிறகு, "கணக்குல ஏறாத மறுவீட்டுப் பணத்துக்கு ஓட்டுக்கடைக்காரன் ஓடு தரமாட்டேங்கான் மக்கா. கேட்டுப் பாத்தேன்" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று வாயில் வந்தது வேறொன்று. "எனக்கிட்ட அந்தப் பொட்டலக் காகிதமெல்லாம் இருக்குக்கா" என்றேன்.

இருந்தது உண்மை. சம்பள நாளில் எல்லாரும் பணத்தை எடுத்துக்கொண்டு பொட்டலத்தைக் கசக்கி எறிவார்கள். நான் பொறுக்குவேன். யூனியன் ஆண்டுவிழா நாடகத்துக்கு வேடிக்கை வசனம் எழுதுவது நான்தான். காகிதம் வாங்கக் காசு ஏது? ஒரு பிஸ்கட் டின் நிறைய என் நகைச்சுவை கிடந்தது. புரட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் ஒரு டோக்கன் நம்பர், ஒரு மாதம், மைத்துனர் கையெழுத்தில் ஒரு தொகை.

டின்னைத் தூக்கிக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறினோம். தக்கலை, மார்த்தாண்டம் என்று திருவனந்தபுரம்வரை நான் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. "சுகமில்லியா?" என்று அவளே கேட்டாள்.

அதே இன்ஸ்பெக்டர்தான். அவளுடைய கணக்குச் சீட்டை ஒரு பக்கமும், அவள் நம்பர் போட்ட பொட்டலங்களை மறுபக்கமும் மாதவாரியாக அடுக்கினார். "பேர் எந்தாயாலும் மாசாமாசம் வேலைக்காகத் தந்தா அது கூலியாணு" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். முதல் தடவையே இந்தத் தாள்கள் இருந்திருந்தால் பேரேட்டை நம்பிப் போயிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். நான் பயந்துகொண்டே, பழைய பாக்கியை எங்கள் கூலியில் பிடிப்பார்களா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கழிந்த மாதத்துக்கு உள்ளதை இந்த மாதக் கூலியில் பிடிக்கச் சட்டம் விடாது. அன்றே பிடிக்காமல் விட்டது முதலாளி குற்றம், தொழிலாளி பங்கையும் சேர்த்து அவர்தான் கட்ட வேண்டும் என்றார். அவ்வளவுதான். இரண்டு ஏத்தம்பழத்துக்கு நான் விற்றது இந்த ஒரு பதிலைத்தான்.

பிறகு ஒரு பொட்டலத்தைப் புரட்டினார். பின்னால் எழுத்து இருந்தது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், சத்தமாகப் படித்தார்.

"அக்காவுக்கு... கண்ணு சரியில்ல... ஒண்ணு... ரெண்டா..."

நிறுத்தினார். அவள் நம்பர் போட்ட பொட்டலம். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின இரவு எழுதியது; அதற்கு மேலே, நன்றாக வராத இரண்டு வரியை அடித்திருந்தேன்.

அதுவரை, வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். அவளிடமும் பஸ்ஸில் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தேன். அடித்துத் திருத்தி எழுதிய பிறகு வாய் எப்படித் தவறும்?

அக்கா காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தாள். "எழுத்து வடிவாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். "இதையும் சேத்துக்கிடுங்க சார். மாசம் விட்டுப்போகப்படாது."

நான் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டேன். திரும்பி வந்து மற்றவர்களிடமும் பிடித்தம் பற்றிய நிஜத்தைச் சொன்னேன். பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். மானேஜர் என்னைப் பஞ்சு உடைக்கிற இடத்துக்கு மாற்றினார். தும்மிக்கொண்டே ஒரு வருஷம் வேடிக்கை சொன்னேன். ஆபீஸ் உத்தரவு வந்து, எல்லார் கணக்கிலும் முழுக் கூலிக்கு உள்ளது ஏறியது. என் கணக்கிலும் ஏறியது என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அன்று பென்ஷன் கிடையாது, மொத்தப் பணம் மட்டும்தான். இப்போது பென்ஷனும் உண்டு. அதையும் கணக்கில் ஏறின சம்பளத்தையும் வேலைபார்த்த வருஷத்தையும் வைத்துத்தான் போடுகிறார்கள். பாதிச் சம்பளம் காட்டினால் சாகிறவரை மாதாமாதம் பாதி. என் மகன் ஒருநாள், "எங்க கம்பெனியில பிடித்தம் குறைவுப்பா, கையில நிறைய வரும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளச் சீட்டையும் பண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு துண்டுத் தாளையும் எறியாதே, நாலுபேரைச் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்கு எழுது என்றேன். அப்பா எப்போது இப்படிப் புத்தி சொல்கிற ஆளானார் என்று அவன் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான்.

அக்காவுக்கு மீதிப் பணம் வந்தது, எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயத்தில். அடுக்களைக்கு ஓடு வந்து இறங்கியது. பழைய ஓடு மங்கல், புதியது நல்ல சிவப்பு; இரண்டு நிறமாகத்தான் கூரை அமைந்தது. மில் ஆள்கள் நாலைந்து பேர் உதவிக்குப் போயிருந்தோம். நான் ஓட்டை எடுத்து மேலே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "மக்கா, வண்டிக்காரன் முந்நூறு ஓடுன்னு சொல்லிட்டுப் போறான். நீ ஒண்ணு எண்ணிச் சொல்லு. எனக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும்லா?"

மேலே இருந்தவனும் கீழே இருந்தவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வரியைவிட அதற்குச் சிரிப்பு அதிகம். நான் குனிந்து எண்ணினேன். சரியாக இருக்க வேண்டுமே என்று முதலிலிருந்து மறுபடியும் எண்ணினேன்.