கோடவுன் விற்ற லாபம்

பெட்டிக்காரர் என்றால் தெரியாத ஆளில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஒரே ஒரு வெட்டும் மெஷினை வைத்துத் தொடங்கி, அட்டைப்பெட்டிக் கம்பெனியாக்கி, பங்குதாரர்களையும் சேர்த்து, சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த நாற்காலியை எவனும் தூக்கிக் கொடுக்கவில்லை என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லட்டுமே, உண்மைதானே.

அன்று மீட்டிங் அறை மேசையில், திருத்தத்துக்கு வந்த ஆண்டறிக்கையின் அச்சுப்படி கிடந்தது. அவர் எழுதாத சேர்மன் செய்தி, அவர் பெயரில். மேலே பத்து வயது குறைத்த படம். கீழே, “வரலாறு காணாத வளர்ச்சி, நிகர லாபம் இரண்டு மடங்கு.” எதிர்ப் பக்கத்தில் நிதிச் சிறப்பம்சங்கள்: வரைபடத்தில் போன வருஷ லாபத்தின் பட்டை குட்டை, இந்த வருஷத்துப் பட்டை கொடிக்கம்பம்.

புளித்த பசையை நக்கியது போல அவருக்கு வாய் கசந்தது.

“மாப்பிள்ளை, மூணாவது மெஷின் பாதி வருஷம் தார்ப்பாய் போத்திட்டுத் தூங்குச்சு. இந்த லாபம் எங்கேருந்து குதிச்சுது?”

மருமகன்தான் நிர்வாக இயக்குநர். “பழைய கோடவுனை வித்தோம்ல மாமா. அதுவும் சேர்ந்ததுதான்.”

“அதை எடுத்துட்டா?”

மருமகன் பேனா மூடியைத் திருகினார். “பெட்டியில நஷ்டம்தான். கொஞ்சம்.”

“அது எங்க இருக்கு?”

“பின்னாடி, கணக்குக் குறிப்புல தனியாவே காட்டியிருக்கோம். ஆடிட்டர் பாத்த நம்பர்தான் மாமா. ஒண்ணுகூடப் பொய்யில்ல.”

“நம்பர் பொய் சொல்லல. நீங்கதான் அதுக்கு வேஷம் கட்டிவிட்டிருக்கீங்க. குறிப்பை யாரு படிப்பா? எங்க அக்காவா?”

அங்கேதான் விஷயம். புது மெஷின் வாங்க, இருக்கும் பங்குதாரர்களிடமே புதுப் பங்கு விற்கப் போகிறார்கள். கணவர் விட்டுப்போன பணத்தை மொத்தமாகப் போட அக்கா தயாராயிருந்தாள். “உன் புத்தகம் வரட்டும்டா. நீ என்ன சொல்றேன்னு பாத்துட்டுப் போடறேன்” என்றிருந்தாள். தம்பியின் படம் உள்ள பக்கத்தைத் தாண்டி அவள் திருப்பமாட்டாள்.

“உள்ளதை முன்னாடி போட்டா யாரும் பணம் போட மாட்டாங்க மாமா.”

“அதனால எங்க அக்கா தலையில கட்டலாம்னு பாத்தீங்க. என் மூஞ்சியைக் காட்டி. கேக்கவே அருவருப்பா இருக்கு.”

செய்தி முழுவதையும் அடித்துவிட்டுத் தன் கோணல் கையெழுத்தில் எழுதினார்: “பெட்டித் தொழிலில் இந்த ஆண்டு நஷ்டம். கோடவுன் விற்றதால் லாபம் தெரிகிறது. அந்தப் பணம் மறுபடி வராது.” எதிர்ப் பக்கத்திலும், விற்ற பணம் சேர்ந்தால் லாபம் எவ்வளவு, சேராவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்று இரண்டு வரி போடச் சொன்னார்.

புத்தகம் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள்.

“பணத்தை பேங்க்லயே விட்டுட்டேன்டா. கோவமா?”

“இல்லக்கா. விடு.”

புதுப் பங்கு பாதிகூடத் தேறவில்லை. மெஷின் ஆர்டர் ரத்தானது. மருமகன் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கம் திரும்புவதேயில்லை.

“அவர்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசக்கூடாதாப்பா?” என்றாள் மகள்.

“அடுத்த வருஷச் செய்தியும் நானே எழுதறேன்னு சொல்லிடு. இப்போதைக்கு என்கிட்ட இருக்கிற நல்ல வார்த்தை அவ்வளவுதான்.”