ஓடர் கூடக் கூட

பிள்ளைகள், கொட்டாஞ்சேனையில் நாங்கள் மிளகாய்த்தூள் அரைத்துச் சின்னப் பைகளில் பக்கெட் போட்ட அறையில் இப்போது ஆரோ பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் வியாபாரம் படுத்துப் போனது என்று நீங்கள் ஆட்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். படுக்கவில்லை. மூடின மாதத்தில்தான் என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தூள் கேட்டு ஓடர் வந்திருந்தது.

முந்தி வெள்ளவத்தைக் கடைகளுக்குத்தான் தூள் போட்டேன். இறக்கினால் அடுத்த கிழமை கையில் சல்லி. மிளகாயைப் புறக்கோட்டையில் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் மொத்த வியாபாரியிடம் எடுப்பேன், ஒரு மாதம் தள்ளித் திகதி போட்டுச் செக் கொடுப்பேன். அந்தத் திகதி வர முன்னமே தூள் விற்று, காசும் வந்துவிடும். செக்கில் பெயர் எழுதுவதில்லை. 'கேஷ்' என்றுதான் எழுதுவோம், ஆர் கையில் இருக்கிறதோ அவர் மாற்றலாம். எப்போதாவது கணக்கில் காசு போதாமல் போனால் காலையில் ஒரு டெலிபோன் கோல் எடுப்பேன்.

"நானா, இண்டைக்குச் செக்கை வங்கியில போட வேண்டாம்."

"சரி தம்பி, வெள்ளிக்கிழமை போடுறன்."

அவ்வளவுதான். அந்தக் கோலை நம்பித்தான் நான் பெரிய வேலைக்கு இறங்கினேன்.

ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட் எங்கள் தூளை எடுக்கச் சம்மதித்தது. அன்று உங்கள் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "சல்லி எப்ப தருவினம்?"

"நாற்பத்தைந்து நாளில."

"எந்த நாளில இருந்து?"

"நீர் என்ன, வருமானவரி ஓபிசரோ?" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

அந்த நாற்பத்தைந்து நாளை மாதம் முடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்களாம். மாத முதல் கிழமையில் இறக்கின தூளுக்கு இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும். கேட்கப் போனபோது கணக்குப் பகுதிப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள். "அண்ணா, அக்ரிமென்ட் பேப்பர்ல சைன் வச்சிருக்கீங்க தானே."

முதல் ஓடர் சின்னது, கைக்காசில் சமாளித்தேன். இரண்டாவது அதைப்போல இரண்டு மடங்கு. மூன்றாவது இன்னும் பெரிது. இருந்த சேமிப்பைப் போட்டு இரண்டாவது அரைக்கும் மிஷினும் வாங்கினேன். எங்கள் பெயர் அடித்த பக்கெட்டுக்கு அச்சகக்காரன் முற்பணம் கேட்டான், கொடுத்தேன். ஒவ்வொரு பக்கெட்டிலும் இலாபம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அந்த இலாபம் மூட்டையில் மிளகாயாகவும், கடைத் தட்டில் தூளாகவும், அவர்களிடம் பில்லாகவும் கிடந்தது. வங்கியில் கிடக்கவில்லை. கடைசியில் வந்து சேர்ந்தது முதலாவது சின்ன ஓடரின் காசு. அந்த மாதம் கட்ட வேண்டியதோ இரண்டாவது பெரிய ஓடருக்கு எடுத்த மிளகாயின் செக். ஓடர் கூடக் கூடப் பள்ளமும் பெரிதாகிக்கொண்டு போனது. வங்கியில் கடன் கேட்டேன், வீட்டு உறுதிப் பத்திரம் கேட்டார்கள். நாங்கள் இருந்தது வாடகை வீடு.

செக் திகதி அன்று காலை வழக்கம்போல் நானாவுக்குக் கோல் எடுத்தேன்.

"நானா, ரெண்டு கிழமை பிடியுங்கோ. சுப்பர்மார்க்கெட் காசு வரக் கிடக்கு."



"தம்பி, அந்தச் செக் என்ட கையில இல்ல. இம்போர்ட்காரருக்குக் குடுத்துட்டன்."

"என்ட செக்கையோ?"

"ஓம். உங்களுக்குக் கூடுதலா மிளகாய் தரணும் எண்டா நான் கூடுதலா எடுக்கணும் தானே. என்ட கையிலயும் சல்லி இல்ல. மூணு மாசமா உங்கட செக்குதான் இருக்கு."

என் ஓடர் பெருத்ததில் அவருக்கும் அதே பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு முகம் தெரியாத அந்த இம்போர்ட்காரர் செக்கை அன்று வங்கியில் போட்டார். காசில்லை என்று திரும்பி வந்தது. நானா தன்னுடைய லொறியை அடகு வைத்து அந்த மனிசனின் காசைக் கட்டினார். என்னை ஏசவில்லை. "இனிமே கைக்காசுக்கு மட்டும்தான், தம்பி. கோவிச்சுக்காதீங்க" என்றார். அதைவிட ஏசியிருக்கலாம்.

கைக்காசு இல்லை, அதனால் மிளகாய் இல்லை. மூன்றாவது ஓடரில் பாதிதான் இறக்கினேன். குறைவாக இறக்கினதற்குச் சுப்பர்மார்க்கெட் என் பில்லிலேயே காசை வெட்டியது. நானாவின் லொறியை மீட்க இரண்டு மிஷினையும் விற்றேன். தெமட்டகொடையில் இருந்து வாங்க வந்தவன் பாதி விலைதான் சொன்னான். மிஷின் அவனுடைய லொறியில் ஏறும்போது, "எப்பவும் சத்தம் போடும், இண்டைக்குச் சத்தமில்லாமப் போகுது" என்று அம்மா சொன்னா. பிறகு உள்ளே போய் அறையைக் கூட்டினா.

பத்து நாள் கழித்து இரண்டாவது ஓடரின் காசு, வெட்டினது போக, வந்து சேர்ந்தது. வங்கியில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் சுப்பர்மார்க்கெட்டில் இருந்து கோல் வந்தது. சிங்களத்தில்தான் கதைத்தார்கள். தூள் நன்றாகப் போகிறதாம், பண்டிகை வருகிறதாம், முந்தினதைவிட இரண்டு மடங்கு தர ஏலுமா என்று கேட்டார்கள்.