கடைசி வரிசைக்குக் கதவில்லை

மேலப்பாளையத்தில் ஷமீமைக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: எதிர்த்து வாய் பேசாத பிள்ளை. நடுவீட்டு அகமது மீரானின் சின்ன மருமகள். மாப்பிள்ளை சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். எட்டு வயதில் தஸ்மியா என்று ஒரு மகள். மாமியாருக்கு இன்சுலின் போடுவது, வீட்டில் எல்லாருக்கும் எடுபிடியாய் ஓடுவது, இப்படியே பத்து வருஷம் போய்விட்டது. அந்தப் பிள்ளை ஒரே ஒரு நாள் வாய் திறந்தாள். அதுவும் ஒரு கார் வாங்கப் போன இடத்தில்.

வீட்டில் ஆள் ஏழு. மாமா, மாமி மஹ்மூதா பீவி, பெரிய மகன் ரசீத், அவர் பெண்டாட்டி நஃபீஸத், ஷமீம், தஸ்மியா, லீவுக்கு வரும் ஷமீமின் மாப்பிள்ளை. வாடகை வண்டி பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், ஏழு பேர் ஏறுகிற சொந்த வண்டி ஒன்று எடுத்துவிடுவது என்று நோன்புப் பெருநாள் கழிந்ததும் முடிவாயிற்று. வீடே சந்தோஷத்தில் குதித்தது. ஷமீமுக்கு மட்டும் அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை.

காரணம் உண்டு. தெற்குச் சீமையையே முக்கிய டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினம் கல்யாணத்துக்குப் போய்விட்டு வாடகை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் தண்ணீர் ஏறி வண்டி நின்றது. முன்னால் இருந்தவர்கள் இறங்கினார்கள். ரசீத், வாப்பாவையும் உம்மாவையும் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கொண்டுபோனார். கடைசி வரிசையில் ஷமீமும் தஸ்மியாவும். அவர்களுக்கு முன்னால் இருந்த சீட்டு மடங்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். யாரோ ஒரு லாரிக்காரர் பின்கண்ணாடியை உடைத்து இழுத்துப்போட்டார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று ரசீத் நினைத்துவிட்டார் என்பது வீட்டில் பேசி முடித்த கதை. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

புது வண்டியிலும் அவளுக்குக் கடைசி வரிசைதான். அது எழுதி வைக்காத சட்டம். முன்சீட்டில் ஏசி மூஞ்சியில் அடிக்கும் என்று மாமா உட்கார மாட்டார். எப்போதும் இரண்டாம் வரிசை, இடது ஓரம். பக்கத்தில் மாமி, அந்தப் பக்கம் நஃபீஸத். வயசுக்கும் முறைக்கும் தக்கன சீட்டு. சின்னவள் பின்னால்.

வண்ணார்பேட்டை ஷோரூமுக்கு மாமா வெறுங்கையோடு வரவில்லை. தம்மாமிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை, கயிறு கூட அவிழ்க்காமல், ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"முப்பது கிலோ பெட்டி இது. இது உள்ள போவுதான்னு காட்டும்மா. அப்புறம் வெல பேசுவோம்."

விற்பனைப் பெண் ஃபெபி பாளையங்கோட்டைக்காரி. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மூணாவது சீட்டை நிமித்தி வச்சா பின்னால ரெண்டு சின்னப் பைதான் அண்ணாச்சி நிக்கும். அதுலயும் நீங்க கேக்க சிஎன்ஜி வண்டில சிலிண்டர் அங்கனதான் இருக்கு. ஒரு பையும் போவாது."

ரசீத் விடுவாரா? ஜவுளிக்கடைக்கு தினமும் ஓடுகிற கணக்கு அவருக்கு. "பெட்ரோல்னா லிட்டருக்குப் பதினெட்டு ஓடும். சிஎன்ஜின்னா கிலோவுக்கு இருபத்தஞ்சு. சிஎன்ஜியே போதும். கடைசி சீட்டுல பாதிய மடக்கி பெட்டிய வச்சுக்கிடலாம். மீதில ஷமீம் இருந்துக்கிடுவா."

அவள் இருந்துக்கிடுவாளா என்று ஒரு மனுஷர்கூடக் கேட்கவில்லை.

ஃபெபி இரண்டாம் வரிசையை முன்னால் தள்ளிவிட்டு ஷமீமைப் பின்னால் ஏற்றினாள். கால் வைக்க இடம் இருந்தது. "தாராளமால்லா இருக்கு!" என்றார் ரசீத். பிறகு மாமா ஏறினார். முட்டி ஆப்பரேஷன் செய்த கால், நீட்டித்தான் உட்கார வேண்டும். லீவரை இழுத்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். ஷமீமின் முழங்கால் சீட்டு முதுகில் இடித்தது. இடது பக்கம் ஜன்னல், திறக்க முடியாத கண்ணாடி. வலது பக்கம் அட்டைப்பெட்டி. மாமாவுக்குப் பக்கத்தில் மாமியும் நஃபீஸத்தும் ஏறிக்கொள்ள, டப்பென்று கதவைச் சாத்தினார்கள். ரசீத் ஓட்ட, ஃபெபி முன்னால் உட்கார்ந்தாள்.

ஆற்றுப்பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. கீழே தாமிரபரணி. அவ்வளவுதான். ஷமீமுக்கு உள்ளங்கை வேர்த்தது, காது அடைத்தது. ஏசிக் காற்று முகத்தில் பட்டும் மூச்சு நெஞ்சுக்குள் போகவில்லை. தண்ணீர் இல்லை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயத்துக்கு அதெல்லாம் கேட்கிற காதா இருக்கிறது? அல்லாவே, அல்லாவே என்று உதடு அடித்துக்கொண்டது. நாளைக்கு இந்த இடத்தில் தஸ்மியா உட்காருவாள் என்ற நினைப்பு வந்தது.

பாலம் தாண்டியதும் கத்திவிட்டாள். "நிப்பாட்டுங்க! என்னைய இறக்கிவிடுங்க!"

ரசீத் ஓரம் கட்டினார். ஷமீம் சுபுஹானல்லா என்று தஸ்பீஹ் எண்ண ஆரம்பித்தாள், சுற்றுக்கு முப்பத்துமூன்று. மாமா பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். "பொறு பிள்ள, முட்டி மடங்கணும்லா." ஒரு காலை எடுத்து வைத்தார். மறு காலைக் கையால் தூக்கி வைத்தார். மாமி பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஃபெபி ஓடிவந்து லீவரை இழுத்து சீட்டை மடக்கினாள். ஷமீம் மண்ணில் கால் வைத்தபோது தஸ்பீஹ் இரண்டு சுற்று முடிந்திருந்தது. அறுபத்தாறு.

தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு ரசீதைப் பார்த்தாள். மச்சானிடம் நேருக்கு நேர் அவள் பேசியதே கிடையாது.

"மச்சான், நீங்க ஒரு தடவ பின்னால போய் இருந்து பாருங்க."

"ஏளா, என்ன பேச்சு பேசுத?" என்று நஃபீஸத் பதறினாள்.

மாமா மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஏறுலே" என்றார்.

ரசீத் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். மாமா உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளினார். மாமி, நஃபீஸத், எல்லாரும் உட்கார்ந்தார்கள். கதவுகளைச் சாத்தியது ஷமீம். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு அவர் கை கண்ணாடியைத் தடவிக் கைப்பிடி தேடியது. கடைசி வரிசைக்கு ஏது கைப்பிடி? ஏது கதவு? கழுத்துப் பட்டனை அவிழ்த்தார். வாப்பாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். வாப்பா முட்டியைத் தூக்க ஆரம்பித்தார்.

இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வண்டி வேண்டாம் வாப்பா."

ஃபெபி பைய சொன்னாள்: "எக்ஸ்சேஞ்சுல வந்த பெரிய வண்டி ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி. ரெண்டாவது வரிசைல தனித்தனி சீட்டு, நடுவுல நடந்து வரலாம். யாரையும் எழுப்ப வேண்டாம். பின்னால மூணு பேருக்கு இடம். டீசல், பன்னெண்டுதான் ஓடும். செலவு கூடத்தான். பெட்டிய மேல கேரியர்ல கட்டிக்கிடணும்."

"அதையே பாப்போம்" என்றார் மாமா. லிட்டருக்கு எத்தனை என்று திரும்பக் கேட்கவில்லை. ஃபெபி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனாள்.

ரசீத் தலை நிமிராமலே பேசினார். "ஷமீம். எல்லாரும் இறங்கியாச்சுன்னு நினைச்சேன்னு சொன்னேம்லா. அது பொய்யி. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தது எனக்குத் தெரியும். தண்ணியப் பாத்துப் பயந்துட்டேன்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் முகம் செத்துப்போயிற்று.



"தெரியும் மச்சான்," என்றாள் ஷமீம். "மேட்டுல நின்னு திரும்பிப் பாத்தியள்லா. நான் பிள்ளையத் தூக்கிக் காட்டுனேன்."